சின்ன ஓவை அடித்தவர்கள்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் பஸ் கிளம்ப நேரமாகும் என்று கண்டக்டர் சொன்னால் நான் ஏறி உட்காரமாட்டேன். கீழேயே நின்று கடிகாரத்தைப் பார்ப்பேன், டிரைவரைத் தேடுவேன், இன்னொரு பஸ் முன்னால் போகுமா என்று விசாரிப்பேன். அந்த இன்னொரு பஸ்ஸில் ஏறிய பிறகு பழைய பஸ் எங்களை விக்கிரவாண்டியில் முந்திக்கொண்டு போகும். "உனக்குக் கால்ல சக்கரம் கட்டி உட்டுட்டாங்கடி" என்பார் என் வீட்டுக்காரர் இருதய அருண். அவர் ரயில்வேக்காரர். வண்டி தாமதமானால் அதில் ஒரு நிம்மதி காண்கிற சாதி.

இந்த அவசரம்தான் என்னைச் சின்ன ஓவிடம் கொண்டுபோய் விட்டது.

நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்று சொன்னாலும் ஆறு வருடமாக எனக்குக் கொடுத்திருந்தது வணிகவியல் பிள்ளைகளுக்கான வணிகக் கணிதம்தான். வட்டி, தள்ளுபடி, மறுபடியும் வட்டி. கணிதத்தையே பாடமாக எடுத்துப் படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு ஜூன் மாதமும் துறைத் தலைவர் சக்கரபாணி சாரிடம் போய் நிற்பேன். "பார்க்கலாம் மேடம்" என்பார். போன ஜூனில்தான் முதலாமாண்டு பி பிரிவுக்கு நுண்கணிதம் கொடுத்தார். ஏ பிரிவை அவரே வைத்துக்கொண்டார்.

முதல் பகுதியே எல்லைக் கணக்கு. x என்ற எண் பூஜ்யத்துக்கு அருகில் போகப் போக ஒரு கோவை எந்த எண்ணை நெருங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம் என்று வந்து முட்டிக்கொண்டால் சக்கரபாணி சாருக்கு ஒரே வழி, லோபிதால் விதி. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாக வகையிடு. மறுபடியும் பூஜ்யமா? மறுபடியும் வகையிடு. சில கணக்குகளுக்கு நான்கு முறை, ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் மேலே இருக்கிற கோவை கல்யாண வீட்டுக்குப் போன குடும்பம் மாதிரி பெருத்துக்கொண்டே வரும். எனக்கு இரண்டாவது முறையிலேயே மூச்சு முட்டும்.

அதனால் நான் விரிவுகளைக் கொண்டு நடத்தினேன். sin x என்பதை x − x³/6 + o(x³) என்று பிரித்து எழுதிவிடலாம். கடைசியில் நிற்கிற அந்தச் சின்ன ஓவுக்கு அர்த்தம் இதுதான்: இங்கே இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது, எவ்வளவு என்று தெரியாது, ஆனால் x பூஜ்யத்தை நெருங்கும்போது அது x³-ஐ விட வேகமாகச் சிறுத்துவிடும். இப்படி எல்லாவற்றையும் விரித்து எழுதிக் கழித்தால் பெரிய ஆட்கள் எல்லாம் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். அப்புறம் யார் மிஞ்சி நிற்கிறார்களோ அவர்தான் விடை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். ஒரு பலகை நிறைய வகையிடல் செய்ய வேண்டிய கணக்கு நான்கு வரியில் முடிந்துவிடும்.

செப்டம்பரில் ஒருநாள் என் வகுப்பு வழியாகப் போன சக்கரபாணி சார் பலகையைப் பார்த்துவிட்டு நின்றார். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார்.

"மேடம், இது இன்னா புதுசா?"

"புதுசு இல்லைங்க சார். விரிவு போட்டு எல்லை எடுக்கிறதுதான். சிலபஸ்ல விரிவு இருக்குதே."

"விரிவு இருக்குது. எல்லைக்கு லோபிதால்னு போட்டிருக்குது. ரெண்டையும் எதுக்கு முடிச்சுப் போடுறீங்க? நம்ப பசங்க அனந்தபுரத்துலேருந்தும் காணையிலேருந்தும் வர்ற பசங்க. ஒரு ரூல் சொன்னா கெட்டியா புடிச்சுக்கினு எழுதி பாஸாயிடுவானுங்க. நீங்க இந்த ஓவைக் கொண்டாந்து வச்சீங்கன்னா குழம்பிப்பூடுவானுங்க."

எனக்குச் சுருக்கென்று வந்தது. காணையில் பிறந்தால் சின்ன ஓ புரியாதா? அதை அப்படியே கேட்டும் விட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரிசல்ட்டு வரட்டும் மேடம். பி செக்ஷன் ஏ செக்ஷனுக்குக் கீழ போச்சுன்னா அடுத்த செமஸ்டர்லேருந்து ரெண்டு செக்ஷனும் நானே எடுத்துக்கிறேன். பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய ஒரே வகுப்பு. அன்றிலிருந்து டிசம்பர் வரைக்கும் எனக்குச் சரியான தூக்கமில்லை.

டிசம்பர் நடுவில் விடைத்தாள் திருத்தம் தொடங்கியது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏறிவிட்டது. எங்கள் வீட்டு நட்சத்திரம் மட்டும் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. அதை மாட்டக்கூட எனக்குக் கை ஓடவில்லை.

எங்கள் கல்லூரியில் திருத்தம் இப்படி நடக்கும். இரண்டு பிரிவு விடைத்தாள்களையும் கலந்து, பெயரை மறைத்து, டம்மி எண் போட்டுக் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். விடைக்குறிப்பைச் சக்கரபாணி சார் தயாரித்திருப்பார். வெளிக்கல்லூரியிலிருந்து ஒருவர் தலைமைத் திருத்துநராக வருவார். முதல்நாள் காலையில் விடைக்குறிப்பில் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். போட்ட பிறகு அதில் ஒரு எழுத்தை மாற்றுவதானாலும் அதுவரை திருத்திய தாள்களை எல்லாம் திரும்பத் திறக்கவேண்டும். அதனாலேயே விடைக்குறிப்பை யாரும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் அவசரமாயிற்றே.

அந்த முறை வந்தவர் தேவநாதன். புதுச்சேரிப் பக்கத்து ஆள். வந்ததும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவர், அதிலிருந்து நேரத்தைப் பின்பக்கமாகவே எண்ணிக்கொண்டிருந்தார்.

பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று. கட்டாயம் எழுதவேண்டியது. x பூஜ்யத்தை நெருங்கும்போது, cos(sin x) − cos x என்பதை x⁴ ஆல் வகுத்தால் எல்லை என்ன?

வெளியிலிருந்து யாரோ எடுத்த கேள்வி. பார்த்ததும் எனக்கு மனம் துள்ளியது. விரிவுக்கென்றே செய்த கணக்கு இது. லோபிதால் போட்டால் நான்கு முறை வகையிட வேண்டும். கொசைனுக்குள் சைன் உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக வால் முளைக்கும். ஏ பிரிவு இதில் திணறும், என் பிள்ளைகள் பறப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு முதல் கட்டைப் பிரித்தேன்.

முதல் சில தாள்கள் ஏ பிரிவு. நினைத்தபடியே மூன்றாவது வகையிடலில் சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தன. அப்புறம் சின்ன ஓ போட்ட தாள் ஒன்று வந்தது. ஆசையாகப் பார்த்தேன். sin x = x + o(x) என்று தொடங்கி, cos(sin x) = 1 − x²/2 + o(x²), cos x = 1 − x²/2 + o(x²) என்று எழுதியிருந்தது. அதுவரை சரி. அடுத்த வரியில் கழித்திருந்தது. ஒன்றும் ஒன்றும் போயிற்று. x²/2ம் x²/2ம் போயிற்று. அப்புறம் ஒரு சாய்ந்த கோடு. o(x²)ம் o(x²)ம் போயிற்று. மிச்சம் பூஜ்யம். விடை பூஜ்யம்.

தலையில் அடித்துக்கொண்டேன். சின்ன ஓ ஒரு எண் இல்லையே, அடிப்பதற்கு! இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து இருந்தாலும் இரண்டும் வேறு வேறு மிச்சம். அவற்றைக் கழித்தால் வருவது இன்னொரு மிச்சம், அவ்வளவுதான். கீழே x⁴ நிற்கும்போது x² வரைக்கும் விரித்தது போதாது என்றுதான் அந்த ஓ சொல்கிறது. அதை அடித்துவிட்டால் யார் சொல்வார்கள்?

அடுத்த ஓ தாளிலும் பூஜ்யம். அதற்கடுத்ததிலும் பூஜ்யம். நான் தாள்களை வேகவேகமாகப் புரட்டினேன். என் பிள்ளைகளில் பெரும்பாலோர் வரிசையாகப் பூஜ்யத்தில் போய் விழுந்திருந்தார்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"மேடம், கொஞ்சம் நிலையா குந்துங்க. பேப்பரு பறக்குது" என்றார் தேவநாதன்.

அப்போதுதான் அந்தத் தாள் வந்தது. கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. ஆனால் sin x-ஐ x − x³/6 + o(x³) வரை எழுதி, அதன் வர்க்கத்தை x² − x⁴/3 + o(x⁴) என்று எடுத்து, cos(sin x) = 1 − x²/2 + x⁴/6 + x⁴/24 + o(x⁴) என்று கொண்டுவந்திருந்தது. அதிலிருந்து cos x, அதாவது 1 − x²/2 + x⁴/24 + o(x⁴), கழிந்தது. மிஞ்சியது x⁴/6 + o(x⁴). விடை ஆறில் ஒன்று.

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பத்துக்குப் பத்து போடப்போனேன். விடைக்குறிப்பை ஒருமுறை பார்த்தேன். பன்னிரண்டில் ஒன்று என்று இருந்தது.

"சார், கீ தப்பு" என்றேன். மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. அறை முழுக்கத் திரும்பியது.

சக்கரபாணி சார் எழுந்து வந்தார். "நாலு வாட்டி வகையிட்டுப் போட்டிருக்கேன் மேடம். ஒவ்வொரு வாட்டியும் பூஜ்யம் கீழ் பூஜ்யம் வருதான்னு பார்த்துக்கினுதான் போனேன். கடைசியில ரெண்டு கீழ் இருபத்திநாலு. பன்னெண்டுல ஒண்ணு."

"இங்க பாருங்க சார், விரிச்சா ஆறுல ஒண்ணு வருது."

"உங்க ஓவை நம்பி நான் கீயை மாத்த முடியுமா?"

"ஓ தப்பா சொல்லாதுங்க சார்!"

இப்படியே குரல் ஏறிக்கொண்டு போனதில் தேவநாதனுக்குப் பஸ் ஞாபகம் வந்துவிட்டது. "இன்னா பேஜாரா போச்சு. எதுக்கு சண்டை? ஜல்தியா ஒரு சின்ன நம்பரைப் போட்டுப் பார்த்துடலாம்" என்று மதிப்பெண் கூட்ட வைத்திருந்த சயின்டிஃபிக் கால்குலேட்டரை எடுத்தார். ரேடியனில் வைத்தார். x-க்கு 0.0001 என்று போட்டார். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் போகிறோமோ அவ்வளவு நல்லது என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். திரையை எங்கள் இருவர் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

பூஜ்யம்.

"ரெண்டு பேருமே தப்பு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "என் கட்டுலயும் பூஜ்யம்னு எழுதின பசங்க நிறைய இருக்கானுங்க. அத்தனை பேரும் ஒண்ணா தப்பு பண்ணுவானுங்களா? கீயைப் பூஜ்யம்னு மாத்தி எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்."

சக்கரபாணி சார் கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தார். அவரே ஒருமுறை அழுத்தினார். பூஜ்யம். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "எங்க தப்பு பண்ணேன்னு தெரியல. நீங்க எக்ஸ்டர்னல். நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அந்தப் பூஜ்யம் ஏன் வந்தது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. cos(sin x)ம் cos xம் அவ்வளவு சின்ன x-க்கு இரண்டுமே கிட்டத்தட்ட ஒன்று. வித்தியாசம் பதினாறு தசம இடத்துக்கும் அப்பால்தான் தொடங்குகிறது. கால்குலேட்டருக்கு அத்தனை இலக்கம் கிடையாது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுப் பூஜ்யம் என்று கையை விரிக்கிறது. என் பிள்ளைகள் செய்த அதே வேலைதான்.

ஆனால் அதைச் சொல்லாவிட்டால்? விடைக்குறிப்பு பூஜ்யமாகிவிடும். என் பி பிரிவு பத்துக்குப் பத்து வாங்கி மேலே போய்விடும். சேற்றில் மாட்டிய ஏ பிரிவு கீழே கிடக்கும். வகுப்பு எனக்கே. நான் பொய் சொல்ல வேண்டாம், ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இருந்தால் போதும். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை சும்மா இருந்தால் போதும்.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மயிலம் போகிற பஸ் ஒன்று வாசலில் நின்று தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. பிள்ளைகள் மீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எத்தனை முறை சொல்லியிருப்பேன், கீழே எந்தப் படி இருக்கிறதோ அதுவரைக்கும் விரிக்க வேண்டும் என்று! எந்தத் தடிக்கழுதை சொல்லிக்கொடுத்தது இவர்களுக்கு ஓவை ஓவோடு அடிக்கச் சொல்லி? மனதுக்குள் அந்தத் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் அந்தச் சாய்ந்த கோடு ஒரே மாதிரி இருந்தது. கீழே இடப்பக்கம் தொடங்கி மேலே வலப்பக்கம் போய், நுனியில் ஒரு சின்னக் கொக்கி.

நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அது என் கோடு. நான் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் இழுக்கிற கோடு. கழித்தல் வரிக்கு வந்ததும் கடைசியில் நிற்கிற இரண்டு ஓவையும் ஒரே இழுப்பில் அடித்து, "இதெல்லாம் போய்டும்" என்று சொல்லி அடுத்த வரிக்குப் பாய்ந்துவிடுவேன். o(x⁴)லிருந்து o(x⁴) போனால் o(x⁴), அதை x⁴ ஆல் வகுத்த பிறகுதான் பூஜ்யத்தை நெருங்கும் என்று எழுத ஒரு வரி அதிகம் வேண்டும். அந்த ஒரு வரிக்கு எனக்குப் பொறுமை இல்லை. நான் எடுத்துக்கொண்ட கணக்குகளை எல்லாம் போதுமான அளவுக்கு முன்னாலேயே விரித்துவிடுவேன் என்பதால் அடித்தாலும் விடை சரியாகவே வந்தது. பிள்ளைகள் நான் சொன்னதை எழுதவில்லை. நான் செய்ததை எழுதியிருக்கிறார்கள்.

வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இந்தப் பூஜ்யத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டுவிட்டால் அந்தக் கோடு சரியென்று ஆகிவிடும். அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம், இவர்களில் யாராவது வாத்தியாராகப் போகிற இடத்திலும் அந்தக் கோடு போகும். கோழிக் கிளறல் கையெழுத்தில் சரியாக எழுதிய அந்த ஒரு பிள்ளைக்கு இன்று பத்தும் போகும்.

உள்ளே வந்தேன். தேவநாதன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"சார், 0.1 போட்டுப் பாருங்க."

"அதான் பார்த்தாச்சே மேடம். 0.1 எல்லாம் தூரம்."

"தூரந்தான். போட்டுப் பாருங்க."

எனக்காக இல்லை, சீக்கிரம் முடியட்டும் என்பதற்காக அழுத்தினார். 0.166 என்று தொடங்கும் எண் வந்தது. புருவத்தைத் தூக்கினார். 0.01 போடச் சொன்னேன். 0.1666.

"கிட்டப் போனா ஆறுல ஒண்ணுக்குத்தான் போய்க்கினு இருக்குது. ரொம்பக் கிட்டப் போனா ரெண்டும் ஒண்ணுன்னே இந்த மிஷினுக்குத் தெரியுது. கழிச்சா ஒண்ணுமில்லன்னு சொல்லிடுது. இல்லாம இல்லைங்க சார். இதோட இலக்கம் பத்தல" என்றேன்.

சக்கரபாணி சார் வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்து முதலிலிருந்து வகையிடத் தொடங்கினார். முதல் முறை சரி. இரண்டாவது முறை sin(sin x)·cos x என்ற பெருக்கலை வகையிடும்போது பேனா நின்றது. பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். sin(sin x)·sin x என்ற உறுப்பு அதில் இல்லை.

"விட்டுட்டேன்" என்றார். "இது இல்லாமலும் பூஜ்யம் கீழ் பூஜ்யம் வந்துக்கினே இருந்துச்சு. அதனால சந்தேகமே வரல." நான்காவது வரைக்கும் போய் நான்கு கீழ் இருபத்திநான்கு என்று எழுதி, ஆறில் ஒன்று என்று அடிக்கோடிட்டார். முப்பது வருட அனுபவம் உள்ள மனிதர் எல்லோர் முன்னாலும், "என் கீ தப்பு சார். ஆறுல ஒண்ணு" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

"பூஜ்யம்னு போட்டவங்களுக்கு?" என்று தேவநாதன் கேட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று சக்கரபாணி சாருக்குத் தெரியும்.

"விரிவுக்கு ரெண்டு மார்க்கு போடலாம். மத்தது இல்லைங்க" என்றேன்.

எல்லாக் கட்டையும் மறுபடி திறந்தார்கள். தேவநாதனின் பஸ் போய்விட்டது. நான் என் பங்குத் தாள்களில், என் கோட்டுக்குப் பக்கத்தில், என் கையாலேயே சிவப்புப் பேனாவில் இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டு வந்தேன். இரவு வீட்டுக்குப் போனதும் அருண் ஏணியில் நின்று நட்சத்திரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். "இன்னாடி, மூஞ்சி இப்படி இருக்குது?" என்றார். "என் கிளாஸ் பூட்ச்சுங்க" என்று சொல்லி அழுதேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

ஜனவரியில் முடிவு வந்தது. ஏ பிரிவும் நன்றாக இல்லை. ஆனால் பி பிரிவு அதற்கும் கீழே. சக்கரபாணி சார் என்னைக் கூப்பிட்டார். குரலில் குத்தல் இல்லை.

"மேடம், அன்னைக்கு நீங்க சொன்னது சரி. ஆனா நான் பிரின்சிபாலுக்குப் பர்சன்டேஜ்தான் காட்ட முடியும். செகண்ட் செமஸ்டர் ரெண்டு செக்ஷனும் நான் எடுத்துக்கிறேன். நீங்க பி.காம் பாருங்க."

"சரிங்க சார். அரியர் பசங்களுக்கு யாரு கிளாஸ் எடுக்கிறாங்க?"

"சனிக்கிழமை கிளாஸ். யாரும் எடுக்க வரமாட்டாங்க. பசங்களே வரமாட்டானுங்க."

"நான் எடுக்கறேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விரிவு வச்சா, லோபிதால் வச்சா?"

"விரிவு. அவங்க உழுந்த இடத்துலேருந்துதாங்க எழுப்பணும்."

"பண்ணுங்க" என்றார்.

பிப்ரவரியில் முதல் சனிக்கிழமை. வகுப்பில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். நான் வேறு எதுவும் சொல்லாமல் பலகையில் அந்தத் தப்பான கழித்தலையே எழுதினேன். 1 − x²/2 + o(x²). அதன் கீழே மறுபடியும் 1 − x²/2 + o(x²). கோடு போட்டேன். ஒன்றும் ஒன்றும் போயிற்று. x²/2 போயிற்று. இரண்டு ஓவையும் சுட்டிக்காட்டி, "இது போனா?" என்று கேட்டேன்.

பிள்ளைகள் நோட்டுக்குள் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் அந்த இரண்டு மதிப்பெண் ஞாபகம் இருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. நானே எழுதிவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். சுண்ணாம்புக்கட்டியைக் கையில் இறுக்கியதில் அது இரண்டாக உடைந்தது. வெளியே எவனோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான், அது கிளம்பவே இல்லை. நான் பொறுத்துக்கொண்டு நின்றேன்.

கடைசி பெஞ்சில் தமிழ்மணி என்ற பையன். மயிலத்துக்குப் பக்கத்து ஊர், வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர்கள். பயந்துகொண்டே எழுந்தான்.

"தெரியல மேடம்."

"இன்னா தெரியல?"

"அது எவ்ளோன்னு தெரியல மேடம். மேல இருக்கிறது ஒரு படிக்குக் கம்மியான மல்லாட்டைன்னு வச்சுக்கங்க. கீழ இருக்கிறதும் ஒரு படிக்குக் கம்மி. ரெண்டும் ஒரே அளவான்னு யாருக்குத் தெரியும்? கழிச்சா மிச்சம் ஏதோ இருக்கும். அதுவும் கம்மிதான். எவ்ளோன்னு தெரியல." நான் திட்டுவேன் என்று நினைத்துக்கொண்டு, "சாரி மேடம்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

"வந்து எழுது" என்றேன்.

வந்தான். உடைந்த கட்டியில் பாதியை வாங்கிக்கொண்டு, கழித்தல் கோட்டுக்குக் கீழே o(x²) என்று எழுதினான். பக்கத்தில் x⁴ ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, "இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மேடம். இன்னும் விரிக்கணும்" என்றான்.

"விரி."

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வகுப்பறையில் நான் உட்கார்ந்து பிள்ளைகள் பார்த்ததே இல்லை. தமிழ்மணி நத்தை மாதிரி எழுதினான். வர்க்கத்தை எடுத்தான், தப்பாகப் போட்டான், துடைத்தான், மறுபடி எடுத்தான். எனக்கு முழங்கால் ஆடியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கழித்தல் வரிக்கு வந்தான். x⁴/6 நின்றது. அதன் பக்கத்தில் மேலே ஒரு o(x⁴), கீழே ஒரு o(x⁴). அவன் கை பழக்கத்தில் இடப்பக்கம் கீழேயிருந்து கோட்டை இழுக்கத் தொடங்கியது. பாதியில் நின்றது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. இழுத்த பாதிக் கோட்டைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, கீழே பொறுமையாக, + o(x⁴) என்று எழுதினான்.